லிட்டில் விதியை ஒரு பேக்கிங் லைனில் எப்படிப் போட்டுப் பார்ப்பது? சின்னக் கணக்குகளோடு சொல்ல முடியுமா?

கேள்வி விவரம்: எங்க பேக்கிங் செக்ஷன்ல ஆளுங்க யாரும் சும்மா இல்ல, ஆனா ஒரு பீஸ் உள்ளே போனா வெளியே வர அரை நாள் ஆகுது. லிட்டில் விதி வச்சு இதைப் புரிஞ்சுக்கலாம்னு சொல்றாங்க. எப்படி?

நான் திருப்பூரில் பின்னலாடை பக்கம் வேலை பார்ப்பவன். அதனால் டி-ஷர்ட் பேக்கிங்கையே எடுத்துக்கொள்கிறேன். பிஸ்கட்டோ மருந்தோ கட்டுகிறவர்களும் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

விதி ஒரே வரிதான்: L = λW. சராசரியாக லைனுக்குள் கிடக்கும் பீஸ் எவ்வளவோ, அது மணிக்கு வெளியேறும் பீஸை ஒரு பீஸ் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். இந்தச் சமன்பாடு முன்பே புழக்கத்தில் இருந்தது. பொதுவான நிரூபணத்தை 1961-ல் வெளியிட்டவர் ஜான் லிட்டில். பீஸ் சீராக வருகிறதா, குவியல் குவியலாக வருகிறதா, முதலில் வந்தது முதலில் போகிறதா, கடைசியில் வந்தது முதலில் போகிறதா என்று எதையும் இது கேட்பதில்லை. கேட்பது இவ்வளவுதான்: எல்லைக்கோடு ஒன்றாக இருக்க வேண்டும், அலகு ஒன்றாக இருக்க வேண்டும், உள்ளே வருவதும் வெளியே போவதும் நாளடைவில் சமமாக இருக்க வேண்டும்.

ஒரு லைனை எடுப்போம். செக்கிங், அயர்னிங், மடிப்பு, பாலிபேக் என்று நான்கு இடங்கள். செக்கிங் டேபிளில் பண்டில் வந்து விழும் இடத்தில் எல்லை தொடங்குகிறது, பாலிபேக் போட்டு அட்டைப்பெட்டிக்குள் போகும் இடத்தில் முடிகிறது. எண்களைக் கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன். குறை இருந்து திருத்தத்துக்குத் திரும்பிப் போகும் ஆல்டர் பீஸைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

8 மணி நேர ஷிப்டில் 2400 பீஸ் பெட்டிக்குள் போகிறது, அதாவது மணிக்கு 300. உள்ளே எண்ணிப் பார்த்தால் சராசரியாக செக்கிங்கில் 150, அயர்னிங் டேபிள்களைச் சுற்றி 600, மடிப்பில் 90, பாலிபேக்கில் 60. மொத்தம் 900. 900-ஐ 300-ஆல் வகுத்தால் 3 மணி நேரம். நீங்கள் சொல்லும் "அரை நாள்" இதுதான்.

இதே வகுத்தலை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகச் செய்யலாம். செக்கிங்கில் அரை மணி, அயர்னிங்கில் 2 மணி, மடிப்பில் 18 நிமிடம், பாலிபேக்கில் 12 நிமிடம். கூட்டினால் அதே 3 மணி. ஸ்டாப்வாட்ச் எடுக்காமலேயே நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. ஃப்ளோரில் நின்று பார்த்தால் எல்லா இடமும் ஒரே பரபரப்பாகத்தான் தெரியும்.

இனி கையில் பிடித்துச் செய்யும் வேலையை மட்டும் பாருங்கள். ஒரு பீஸுக்கு செக்கிங் 40 விநாடி, அயர்ன் 60, மடிப்பு 30, பாலிபேக் 24 என்று வையுங்கள். மொத்தம் 154 விநாடி, இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். மீதி நேரமெல்லாம் பீஸ் சும்மா கிடக்கிறது. ஆள் சும்மா இல்லை, பீஸ்தான் சும்மா இருக்கிறது. உங்கள் கேள்வியில் உள்ள முரண்பாடு இங்கேதான் அவிழ்கிறது.

இந்த 154 விநாடிக்கும் விதியைப் போடலாம். மணிக்கு 300 பீஸ், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையில் 154 விநாடி இருக்கிறது என்றால், எந்த நேரத்திலும் சராசரியாகச் சுமார் 13 பீஸ் கையில் இருக்கும். மணிக்கு 300 வெளியேற வேண்டுமென்றால் இதற்குக் கீழே போகவே முடியாது. ஆனால் 13-ஐ இலக்காக வைத்தால் லைன் படுத்துவிடும். காலர் வைத்த பீஸ் வந்தால் அயர்ன் நேரம் கூடும், பாய்லரில் பிரஷர் இறங்கினால் ஐந்து நிமிடம் போய்விடும், ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவார். அந்த நேரத்தில் அயர்ன்காரர் முன்னால் பீஸ் இல்லையென்றால் அந்த நிமிடம் திரும்பி வராது. ஏனென்றால் இந்த லைன் முழுவதின் வேகத்தையும் கட்டிப்போடும் இடுக்கு அயர்னிங்தான்: 5 டேபிள், டேபிளுக்கு மணிக்கு 60, மொத்தம் சரியாக 300.

செக்கிங்கில் 4 பேர், ஆளுக்கு மணிக்கு 90, மொத்தம் 360. தையல் பக்கம் பீஸ் குவிந்த நாளில் செக்கிங் 360 வேகத்தில் தள்ளும், அயர்னிங் 300-தான் வாங்கும். மணிக்கு 60 பீஸ் அயர்ன் டேபிள் பக்கம் சேரும். சாயங்காலம் ஓ.டி. போட்டு அதை இறக்குவார்கள். சூப்பர்வைசர் கண்ணுக்கு செக்கிங் டேபிள் "சூப்பர்", ஆனால் அவர்களின் கூடுதல் வேகம் ஒரு பீஸைக்கூடக் கூடுதலாகப் பெட்டிக்குள் போட்டதில்லை. குவியலையும் தங்கும் நேரத்தையும்தான் ஏற்றியது.

இதற்கு ஒரு எளிய கட்டுப்பாடு: அயர்னிங் முன்னால் 40 பீஸ் பிடிக்கும் கூடை மூன்று மட்டும். மூன்றும் நிரம்பியிருந்தால் செக்கிங் நிற்கும், அந்த ஆட்கள் மடிப்புக்கோ டேக் போடவோ போவார்கள். இப்போது அயர்னிங்கில் 120 பீஸ், 24 நிமிடம். மொத்தம் 420 பீஸ், 84 நிமிடம். அவுட்புட் அதே 300, ஏனென்றால் அயர்ன்காரர் முன்னால் எப்போதும் பீஸ் இருக்கிறது.

"அப்போ அந்த 480 பீஸ் எங்கே போச்சு?" என்று கேட்டால் நியாயமான கேள்வி. தையலை நிறுத்தாவிட்டால் அது செக்கிங்குக்கு முன்னால், நாம் போட்ட எல்லைக்கு வெளியே, போய் உட்கார்ந்துகொள்ளும். ஆர்டரின் மொத்த நேரம் குறைய வேண்டுமென்றால் தையலுக்கு பண்டில் விடுவதையே பேக்கிங் வேகத்துக்குக் கட்ட வேண்டும். ரிப்போர்ட்டில் 84 நிமிடம் என்று காட்டிப் பெருமைப்படுபவர்கள் பலர் குப்பையைப் பக்கத்து அறைக்குத் தள்ளியவர்கள்தான். ஆனாலும் ஒரு லாபம் நிச்சயம் உண்டு. சைஸ் லேபிள் மாறியிருப்பதை பாலிபேக் போடுகிறவர் கண்டுபிடித்தால், தேடிப் பிரிக்க வேண்டியது 900 பீஸ் குவியலை அல்ல, 420-ஐ.

விதி சொல்லாததையும் கவனியுங்கள். குவியலைக் குறைத்தால் நேரம் குறையும் என்று அது சொல்வதில்லை. குவியல், அவுட்புட், தங்கும் நேரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. கூடையை மூன்றிலிருந்து அரைக்கூடை ஆக்கிப் பாருங்கள், அயர்னிங் அடிக்கடி காலியாகும், அவுட்புட் 240-க்கு இறங்கலாம், அப்போதும் சமன்பாடு அழகாகப் பொருந்தும். அதனால் கூடையைக் குறைக்கும்போது மணிக்கு வரும் அவுட்புட்டின் மேல் கண் இருக்கட்டும். அது அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கணக்கு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? கலர் சீட்டில் நேரம் எழுதி, செக்கிங்குக்கு வரும் பண்டில்களில் இடையிடையே செருகுங்கள். பாலிபேக் போடுகிறவர் எடுத்து வெளியேறிய நேரத்தை எழுதட்டும். இரண்டு மூன்று நாள் சீட்டுகளின் சராசரி 3 மணிக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. 2 மணி 20 நிமிடம்தான் வருகிறதென்றால்? எண்ணிய 900-ல் 200 பீஸ் நகராமல் கிடக்கிறது என்று அர்த்தம். 700-ஐ 300-ஆல் வகுத்தால் அதுதான் வரும். அயர்ன் டேபிள் அடியில் தேடுங்கள். மேலே மேலே பண்டில் வைத்து மேலிருந்தே எடுப்பதால் அடியில் இருப்பது அப்படியே கிடக்கும், பெரும்பாலும் போன ஸ்டைலின் மிச்சம்.

இனி நீங்களே போட்டுப் பாருங்கள். விடையை ஒட்டியே எழுதிவிடுகிறேன், கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லைனில் காலை 10, பகல் 12, மாலை 3, 5 மணிக்கு எண்ணியதில் 500, 640, 760, 700 பீஸ். 8 மணி நேரத்தில் 2080 பீஸ் வெளியேறியது. தங்கும் நேரம்? சராசரி 650, மணிக்கு 260, ஆகவே இரண்டரை மணி. 3 மணிக்கு மட்டும் எண்ணியிருந்தால் கிட்டத்தட்ட 2 மணி 55 நிமிடம் என்று வந்திருக்கும். ஒரு முறை எண்ணுவது போதாது என்பது அதனால்தான்.

ஆல்டர் பெட்டியில் எப்போது பார்த்தாலும் சராசரியாக 45 பீஸ். மணிக்கு 15 பீஸ் ஆல்டருக்குப் போகிறது, அதே அளவு திரும்பி வருகிறது. ஒரு ஆல்டர் பீஸ் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? 3 மணி. ஷிப்மென்ட் அன்று கடைசிப் பெட்டி நிரம்பாமல் நிற்பது பெரும்பாலும் இந்த 3 மணியால்தான்.

ஷிப்ட் 9 முதல் 6 வரை, 1 முதல் 2 வரை சாப்பாடு. பழைய 900 பீஸ் லைனில் 4.30-க்கு ஒரு பண்டில் நுழைந்தால் எப்போது வெளியே வரும்? வேலை நேரம் 3 மணி: இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை. ஆக மறுநாள் காலை 10.30. சுவர்க் கடிகாரத்தில் 18 மணி நேரம். இரவிலும் 900 பீஸ் உள்ளேயே கிடக்கிறது என்று வைத்து, 24 மணி நேரக் கணக்கில் போட்டால் மணிக்கு 100 பீஸ், தங்கும் நேரம் சராசரி 9 மணி. 3-ம் சரி, 9-ம் சரி. ஒன்றின் அவுட்புட்டை எடுத்து மற்றதன் நேரத்தோடு சேர்ப்பதுதான் தப்பு.

கடைசியாகக் கொஞ்சம் கோணலானது. அதே 900 பீஸ் லைனில் ஆறாவது அயர்ன் டேபிள் போடுகிறோம். மடிப்பில் 3 பேர், பாலிபேக்கில் 3 பேர் இருக்கிறார்கள். தங்கும் நேரம் இரண்டரை மணியாகுமா? இப்போது எல்லா இடமும் 360 தாங்கும். தையலிலிருந்து மணிக்கு 360 வந்து, உள்ளே 900 பீஸே தொடர்ந்து கிடந்தால் ஆம், இரண்டரை மணி. ஆனால் தையல் 300-தான் அனுப்புகிறதென்றால், குவியல் மணிக்கு 60 வீதம் கரையும் வரைதான் 360 வெளியேறும், பிறகு மறுபடி 300. கரையும் அந்த நேரத்தில் வருவதும் போவதும் சமமில்லை, அதனால் அன்றைய எண்களை வகுத்து வரும் விடையை நம்ப வேண்டாம். கரைந்து முடிந்த பிறகு எண்ணினால், அவுட்புட் ஏறாமல் நேரம் மட்டும் குறைந்திருக்கும்.