ஐபிஎஃப் நோயில் மாத்திரை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன், நுரையீரலில் தழும்பு படியும் ஐபிஎஃப் நோய் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வருடமாகப் பிர்ஃபெனிடோன் சாப்பிடுகிறார். இருமல் குறையவில்லை. மாடி ஏறினால் முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. ஊதும் சோதனையில், முழுமூச்சாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவான எஃப்விசி இந்த ஒரு வருடத்தில் 2.60 லிட்டரிலிருந்து 2.48-க்கு இறங்கிவிட்டது. குமட்டல் வேறு. மாத்திரையை நிறுத்திவிடலாமா? இதே நோய் இருந்த உறவினர் ஒருவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், இரண்டே வாரத்தில் போய்விட்டார். மருந்து சாப்பிட்டாலும் அப்படி ஆகுமா? முன்கூட்டியே தெரியுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். அந்த எண்கள் மருந்து தோற்றுவிட்டதைக் காட்டவில்லை.

ஐபிஎஃப்பில் நுரையீரலின் நுண்ணறைகளைச் சுற்றி, காரணம் தெரியாமலே தழும்பு படிந்துகொண்டே போகிறது. படிந்த தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டுமே புதிய தழும்பு படியும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. அதனால் மாத்திரை சாப்பிட்டதும் மூச்சு இலகுவாகும், இருமல் நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நடக்காமல் போன இழப்புதான் இந்த மருந்தின் பலன். அதை நோயாளியால் உணர முடியாது.

எவ்வளவு இழப்பு நடக்காமல் போகிறது? நின்டெடானிப்பை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-ல் வெளியாயின. வெற்று மாத்திரை எடுத்தவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 207 முதல் 240 மில்லிவரை எஃப்விசியை இழந்தார்கள். மருந்து எடுத்தவர்களின் இழப்பு சுமார் 114 மில்லி. அதாவது கிட்டத்தட்ட பாதி. அதே வருடம் வந்த பிர்ஃபெனிடோன் ஆய்வில் வேறு விதமாகக் கணக்கிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் எஃப்விசி பத்து சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ இறங்கியவர்கள் அல்லது இறந்தவர்கள், வெற்று மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 32 பேர். மருந்துக் குழுவில் நூற்றுக்கு 17 பேர்.

உங்கள் அப்பா ஒரு வருடத்தில் இழந்தது 120 மில்லி. மருந்து எடுப்பவர்களிடம் எதிர்பார்க்கும் இழப்பு இதுதான். மருந்து இல்லாவிட்டால் அவருக்கு 220 போயிருக்குமா, 120 மட்டுமே போயிருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தே இல்லாமல் இரண்டு வருடம் அசையாமல் நிற்பவர்களும் உண்டு, ஆறே மாதத்தில் சரிபவர்களும் உண்டு. ஒரு தனி மனிதரின் இரண்டு அளவுகளை வைத்து மருந்து வேலை செய்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று: ஊதும் சோதனையில் அன்றைய களைப்பு, சளி, ஊதிய விதம் இவற்றால் மட்டுமே நூறு மில்லிக்கு மேல் முன்னே பின்னே போகலாம். மூன்று நான்கு மாத இடைவெளியில், முடிந்தால் ஒரே சோதனைக்கூடத்தில் எடுத்த அளவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் சரி.

ஆனால் மாடி ஏறுவது முன்பைவிடச் சிரமமாக இருக்கிறது என்பதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். 120 மில்லி இழப்பால் மட்டும் அது வந்திருக்க வேண்டும் என்றில்லை. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம், இதயத்தில் அடைப்பு இருக்கலாம், நடக்கும்போது ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கலாம். ஆறு நிமிட நடைச் சோதனை, வாயு பரிமாற்றத்தை அளக்கும் டிஎல்சிஓ, இதயத்துக்கு எக்கோ ஆகியவை இதற்குப் பதில் சொல்லும். நடக்கும்போது மட்டும் ஆக்சிஜன் இறங்கினால் அப்போதுக்கு மட்டும் ஆக்சிஜன் கொடுக்கலாம். மூச்சிரைப்பைக் குறைக்க மாத்திரையைவிட அதுவும் முறையான மூச்சுப் பயிற்சியும் கண்கூடாக உதவும்.

அப்புறம் குமட்டல். பலர் மருந்தை விடுவதற்கு இதுதான் காரணம், ஆனால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. பிர்ஃபெனிடோனை வெறும் வயிற்றில் போடவே கூடாது. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ இல்லாமல், சாப்பிடும்போதே நடுவில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை என்றால் மூன்றையும் ஒரே வாயில் விழுங்காமல், சாப்பாட்டின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படியும் அடங்காவிட்டால் ஓரிரு வாரம் அளவைக் குறைத்து மெதுவாகத் திரும்ப ஏற்றுவோம். தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ விட்டுவிட்டால் பழைய அளவில் நேராகத் தொடங்கக் கூடாது, முதலிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். எதுவும் சரிவரவில்லை என்றால் நின்டெடானிப்புக்கு மாறலாம். அதில் குமட்டலைவிட வயிற்றுப்போக்குதான் பெரிய தொல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தையும் பார்க்க வேண்டும். எந்த மருந்தானாலும் ஈரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இனி உங்கள் உறவினருக்கு நடந்தது. நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் மருத்துவர்கள் அக்யூட் எக்ஸாசர்பேஷன் என்று சொல்லும் திடீர் மோசமாதலாக இருக்கலாம். இது மெதுவான சரிவின் அடுத்த படி இல்லை, வேறு நிகழ்வு. பழைய தழும்புக்கு மேல், இரண்டு நுரையீரலிலும் புதிதாகக் கடுமையான சேதம் ஏற்பட்டு நுண்ணறைகளில் திரவம் கசிந்து நிறைகிறது. எஃப்விசி குறைவாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம், ஆனால் நல்ல எண்ணோடு இருப்பவர்களுக்கும் வரும். மருந்து இதை ஓரளவு தள்ளிப்போடலாம். நின்டெடானிப்பின் இரண்டு ஆய்வுகளில் ஒன்றில் முதல் தாக்குதல் தள்ளிப்போனது தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் வராது என்று நான் உறுதி தர முடியாது.

எந்த நாளில் வரும் என்றும் முன்கூட்டியே சொல்ல முடியாது. வரத் தொடங்கியதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். அது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி நிகழ்வைச் சொல்கிறேன். 71 வயதுக்காரர். வழக்கமாக உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 95, வீட்டுக்குள் நடந்தபின் 90. சளி பிடிக்கிறது. நான்காம் நாள் வறட்டு இருமல் கூடுகிறது, குளிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தால் 92, நடந்தால் 83. காய்ச்சல் இல்லை. ‘நெஞ்சுச் சளிதான்’ என்று ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது. 92 நல்ல எண்தானே என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். எட்டாம் நாள் உட்கார்ந்த நிலையிலேயே 86. மருத்துவமனையில் எடுத்த சிடி ஸ்கேனில் பழைய தேன்கூட்டுத் தழும்போடு, முன்பு இல்லாத வெண்மூட்டம் இரண்டு பக்கமும் படர்ந்திருக்கிறது. ரத்தக்கட்டி இல்லை, இதயம் செயலிழக்கவில்லை. அப்போதுதான் இந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது 92 என்ற எண்ணை இல்லை. அவருடைய வழக்கமான 95-லிருந்து இறங்கியதையும், நடக்கும்போது 83-க்குப் போனதையும்தான். அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே, உட்கார்ந்தும் ஒரே தூரம் நடந்தும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரால் ஆக்சிஜனை அளந்து குறித்து வையுங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஒருநாள், மூச்சிரைப்பு சில நாட்களுக்குள் தெளிவாகக் கூடினாலோ, அந்த வழக்கமான எண்ணிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கி மீண்டும் அளந்தாலும் அப்படியே நின்றாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உட்கார்ந்த நிலையில் 88-க்குக் கீழே போனால், பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலமானால் ஆம்புலன்ஸை அழையுங்கள். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் அதன் அளவை ஏற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எண் ஏறும், ஆனால் உள்ளே நடப்பது மறைந்துபோகும்.

சீக்கிரம் போனால் இந்தத் தாக்குதலைக் குணப்படுத்திவிட முடியுமா என்றால், அப்படிச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அங்கேயே இறக்கிறார்கள். உயர் அளவு ஸ்டீராய்டு கொடுக்கிறோம், ஆனால் அதற்கான ஆதாரம் பலவீனமானது. ஸ்டீராய்டோடு சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்த்த ஆய்வு 2022-ல் வந்தது. அதில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் குறையவில்லை, கூடினார்கள். பிறகு எதற்கு அவசரம்? ஏனென்றால் இதே அறிகுறியோடு வருவது நுரையீரல் ரத்தக்கட்டியாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், இதயச் செயலிழப்பாக இருக்கலாம், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த வாய்ப்பைச் சுருக்கும்.

தூண்டும் காரணங்களில் சிலவற்றைத் தவிர்க்கலாம். ஃப்ளூ, நிமோகாக்கஸ், கோவிட் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். கண்புரை போன்ற சிறிய அறுவை சிகிச்சை வேறு. மயக்கமருந்து தேவைப்படும் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் நுரையீரல் மருத்துவரைக் கேட்காமல் தேதி குறிக்க வேண்டாம். இதயத்துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃப்யூரன்டாயின் போன்றவை நுரையீரலைத் தாக்கக்கூடியவை என்பதால், எந்த மருத்துவர் புது மருந்து எழுதினாலும் ஐபிஎஃப் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக, இப்போதே பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தத் தாக்குதலில் செயற்கை சுவாசக் கருவியில் போட்டாலும் பெரும்பாலோர் மீள்வதில்லை. நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பட்டியலில் இருப்பவர் என்றால் கணக்கு வேறு. அதனால் மாற்று சிகிச்சைக்கு அப்பா தகுதியானவரா என்பதை, நிலைமை மோசமாகும்வரை தள்ளாமல், அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள். 67 வயதில் சில மையங்கள் மறுக்கும், சில பரிசீலிக்கும். தகுதியில்லை என்று தெரிந்தால், அப்படியொரு நிலை வந்தால் கருவியில் போட வேண்டுமா, மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்து போதுமா என்று அவரே யோசித்துச் சொல்லட்டும். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, கடைசி சிடி ஸ்கேன், வழக்கமான ஆக்சிஜன் எண்கள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். நள்ளிரவில் அவரை முதன்முதலாகப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தக் கோப்புதான் முதலில் வேண்டியிருக்கும்.