கேள்வி-பதில்: காபிப் பொடி வாங்கும் முன் நாக்கைப் பழக்குங்கள்

"ஆரஞ்சுப் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு" என்று அச்சிட்ட அரபிகா பொடியைக் கால் கிலோ 480 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்குக் கசப்பு மட்டும்தான் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா? – கோவை வாசகி

பொறுங்கள், முதலில் நாக்கைச் சோதிப்போம். நான்கு பாத்திரங்களில் தலா கால் லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரை டீஸ்பூன் சர்க்கரை, அடுத்ததில் இரண்டு சிட்டிகை உப்பு, மூன்றாவதில் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. நான்காவதில் ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். வெறும் தண்ணீர் ஐந்தாவது. டம்ளர்களின் அடியில் வீட்டார் யாராவது குறியிட்டு இடம் மாற்றி வைக்கட்டும். ஒவ்வொரு வாய்க்கும் இடையே வாயைக் கொப்பளியுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது புளிப்புக்கும் கசப்புக்கும் இடையில்தான். புளிப்பு சட்டென்று வந்து, எச்சில் ஊறவைத்து, விலகிவிடும். கசப்பு மெல்ல வந்து, விழுங்கிய பிறகும் தங்கும். வாய் உலர்ந்து இழுத்தால் அது இரண்டுமல்ல, துவர்ப்பு. கடுந்தேநீரை ஆறவிட்டுக் குடித்தால் விளங்கும். ஐந்தையும் சரியாகச் சொல்ல முடிந்ததும் அளவுகளைப் பாதியாக்கி மீண்டும் முயலுங்கள்.

பிறகு காபி. ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு மூன்று பங்கு வெந்நீர். பால், சர்க்கரை கூடாது. வெதுவெதுப்பாகும் வரை காத்திருங்கள், ஏனென்றால் கொதிக்கும் சூட்டில் புளிப்பும் இனிப்பும் ஒளிந்துகொள்ளும். நான்கு சிறு டம்ளர்களில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் முறையே சில சொட்டு எலுமிச்சை, ஒரு சிறு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் சர்க்கரை சேருங்கள். எலுமிச்சை விழுந்த காபியையும் வெறும் காபியையும் மாறி மாறிக் குடித்தால், வெறும் காபியில் ஏற்கெனவே இருந்த புளிப்பு பிடிபடும். உப்பு சேர்த்ததில் கசப்பு தணிந்திருக்கும். உப்பு கசப்பை அடக்கும் என்பது சமையலறைக்குத் தெரிந்த சங்கதிதான்.

இனிப்புக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள், பிறகு மூக்கை விடுங்கள். கொட்டையிலிருக்கும் சர்க்கரை வறுபடும்போது பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. நாம் இனிப்பு என்று சொல்வதில் பெரும்பங்கு மணம் தருவது. மூக்கை விட்டதும் 'வெல்லம்' வந்தால் பொட்டலம் பொய் சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் புளிப்பு துளியும் இல்லையென்றால், பொடியின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக வறுத்தால் புளிப்பு கரைந்து கசப்பு ஏறிவிடும். அந்தக் கறுப்புப் பொடியின் மேல் 'ஆரஞ்சு' என்று அச்சிட்டிருந்தால் தவறு உங்கள் நாக்கில் இல்லை, அம்மா. பொட்டலத்தோடு போய்க் கேளுங்கள்.

சுவை பழக ஆன்லைனில் சிறு புட்டிகள் கொண்ட பெட்டி 3,800 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? – திருச்சி வாசகர்

வாங்காதீர்கள். அப்படியொன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. 'புளிப்பு' என்று எழுதிய புட்டியில் எலுமிச்சை உப்புக் கரைசல். மளிகைக் கடையில் அதன் விலை சில ரூபாய்.

வழக்கமான கடையில் 80-க்கு 20 கலவை கேட்டு வாங்குகிறேன். சில வாரங்களாகக் கசப்பு கூடியிருக்கிறது. சிக்கரியைக் கூட்டிவிட்டார்களோ என்று கேட்டால் சிரிக்கிறார்கள். – மதுரை வாசகர்

சிரிக்கட்டும். பழைய பொடி கொஞ்சம் மிச்சமிருந்தால் இரண்டையும் ஒரே அளவில் போடுங்கள். மூன்று டம்ளர்: இரண்டு டம்ளர்களில் ஒரே பொடி, மூன்றாவதில் மற்றது. எதில் எது என்று தெரியாமலே, எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரே சுற்றோடு நிறுத்தாதீர்கள். ஆறு சுற்றில் ஐந்து சரியென்றால் பொடி மாறியிருக்கிறது.

ஆனால் என்ன மாறியது என்பதை நாக்கு மட்டும் சொல்லாது. கசப்பு மிகுந்த ரொபஸ்டா வகைக் கொட்டையைக் கூட்டினாலும், வறுவலைக் கூட்டினாலும் கசப்பு ஏறும். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி சற்று நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்பு வால் இழுத்தபடி உடனே இறங்கும். பழைய பொடியையும் பக்கத்தில் தூவி ஒப்பிடுங்கள்.

இங்கே என் பழைய வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சிக்கரி கலப்பது குற்றமல்ல. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதமும் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பொட்டலக்காரர்கள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் மடிப்புக்குள் அச்சிடுகிறார்கள்; 'தூய', 'பாரம்பரிய' என்பவை மட்டும் கட்டை விரல் உயரத்தில் நிற்கும். அரைத்துக் கொடுக்கும் கடைகளில் வாய்வார்த்தைதான். பில்லில் விகிதத்தை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கடையை மாற்றுங்கள். எழுதிக் கொடுத்தும் ஏமாற்றினால் பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

தள்ளுபடியில் மூன்று கிலோ பொடி வாங்கி வைத்திருந்தேன். இப்போது அட்டைப்பெட்டி போல ருசிக்கிறது. இது நான்கில் எந்தச் சுவை? – சேலம் வாசகர்

எதுவுமில்லை, அது பழசு. அரைத்த பொடியில் மணம் முதலில் போகும், அதோடு இனிப்பும் போகும். மூன்று கிலோவை யார் குடிப்பார்கள் என்று வாங்கினீர்கள்? செடிக்குப் போடுங்கள்.