முகூர்த்தம் முடிந்த ராத்திரி கார்டை என்ன செய்வது? கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துப் படப்பிடிப்பாளர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் காட்பாடியில் திருமணப் படம் எடுப்பவர். ஒவ்வொரு ஆர்டரையும் வீட்டில் இரண்டு டிஸ்க், வெளியே ஒன்று என்று வைப்பது அவர் பழக்கம்.

குடியாத்தம்: அண்ணே, வீட்டுக்கு வந்ததும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்லயும் காப்பி போட்டுடறேன். உடனே கார்டை ஃபார்மட் பண்ணிடலாமா? மறுநாளே ஆரணில இன்னொரு ஆர்டர்.

வேண்டாம் தம்பி. ஆரணிக்கு வேறு கார்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம் என்று ஒரு ஆர்டரை வைத்துக்கொள்வோம். 30 எம்.பி. அளவில் 3,000 ரா படங்கள் என்றால் 90 ஜி.பி. இரண்டு மணி நேர 4கே வீடியோ ஏறக்குறைய இன்னொரு 90 ஜி.பி. ஆக 180. சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. எழுதினால் ஒரு காப்பிக்கு அரை மணி நேரம். இரண்டுக்கும் ஒரு மணி. சரிபார்க்க இன்னொரு மணி. முழித்திருந்து பார்க்கத் தேவையில்லை, ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம்.

காப்பி போடும்போது கார்டை முழுசாக எடுங்கள். சில கேமராக்களில் வீடியோ DCIM-க்குள் இருக்காது, PRIVATE என்ற ஃபோல்டரில் இருக்கும். படத்தை மட்டும் இழுத்துப் போட்டால் வீடியோ விட்டுப்போகும். இரண்டாவது டிஸ்க்குக்கும் கார்டிலிருந்தே போடுங்கள். ஆட்டம் கண்ட கேபிளால் முதல் டிஸ்க்கில் ஒரு ஃபைல் கெட்டிருந்தால், அதிலிருந்து எடுக்கும் காப்பியும் அதே கெட்ட ஃபைல்தான்.

அப்புறம் சரிபார்ப்பது. ஃபைல் எண்ணிக்கை சரி, மொத்த அளவு சரி என்று பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அளவு மாறாமலே உள்ளே கெட்டுப்போகும். ஃபோல்டரில் தெரியும் சின்னப் படத்தையும் நம்ப முடியாது. ரா ஃபைலுக்குள் ஒரு சின்ன ஜேபெக் தனியாக இருக்கிறது, பெரும்பாலும் உங்களுக்குத் தெரிவது அதுதான். அதில் தாலி கட்டும் காட்சி அழகாகத் தெரியும். எடிட்டிங்கில் திறந்தால் மாப்பிள்ளை தோளுக்குக் கீழே மொத்தமும் சாம்பல் பட்டையாக இருக்கும்.

நான் FreeFileSync என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். இடது பக்கம் கார்டு, வலது பக்கம் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர். ஒப்பிடும் முறையில் File content என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் ஃபைலை முழுக்கப் படித்து ஒப்பிடும். அதற்கு முன்னால் டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி மாட்டுங்கள். காப்பி போட்ட கையோடு ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் இருப்பதையே படித்து எல்லாம் சரி என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

இரண்டு டிஸ்க்கும் தேறிய பிறகும் கார்டை விட்டுவையுங்கள். மூன்றாவது காப்பி வீட்டை விட்டுப் போகும்வரை அந்தக் கார்டுதான் மூன்றாவது காப்பி. அதுவும் உங்களோடு ஒரே பையில் இருக்கக் கூடாது. என் கேமராவில் இரண்டாவது ஸ்லாட் கார்டுகளை உதவிக்கு வரும் தம்பி மண்டபத்திலிருந்தே ஆற்காட்டில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். டிஸ்க் ஊரை விட்டுப் போகும்முன் அன்றைக்கே ஒரு காப்பி வேறு ஊரில்.

ஆம்பூர்: ஒரு சின்ன சேர்க்கை. சில மாடல்ல போட்டோ ரெண்டு ஸ்லாட்டுக்கும் போகும், வீடியோ ஒரு ஸ்லாட்டுக்குத்தான் போகும். மெனுவுல பேக்கப்னு இருக்கேன்னு நம்பிடக் கூடாது.

சரியாகச் சொன்னீர்கள். பத்து நொடி வீடியோ எடுத்து இரண்டு கார்டையும் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி ஒரு ஸ்லாட்டுக்கு மட்டும் போகிற கேமரா என்றால் நான் சொன்ன ஏற்பாடு வீடியோவுக்கு உதவாது. ராத்திரியே மூன்றாவது டிஸ்க்கில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான்.

ராணிப்பேட்டை: ஸ்டுடியோவில் ரெய்ட் 1 பெட்டி இருக்கிறது. ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் அப்படியே இருக்கும். அப்போது என் இரண்டு காப்பி கணக்கு முடிந்ததுதானே?

பாதி சரி சார். டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும், வேலையும் நிற்காது. ஆனால் பையன் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் வந்து பூட்டினாலும் இரண்டும் பூட்டிக்கொள்ளும். கரண்ட் போய் திரும்ப வரும்போது அடிக்கும் அடி பெட்டிக்கே விழும். அதனால் முழுப் பெட்டியையும் ஒரு காப்பி என்றே கணக்கு வையுங்கள். இரண்டாவது, வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வைக்கிற தனி டிஸ்க்.

FreeFileSync-ல் Mirror என்று இருப்பதும் இதே ரகம். இங்கே அழித்ததை அடுத்த முறை ஓட்டும்போது அங்கேயும் அழிக்கும். Update போதும்.

வாலாஜாபேட்டை: நான் ஆல்பம் டிசைன் செய்கிறேன், தனியாகத்தான் வேலை. டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. கிளவுடில் ஏற்றினால் போதாதா சார்?

போதும் அம்மா, நேரம் ஒத்துவந்தால். மேலே சொன்ன 180 ஜி.பி.யை 40 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற 10 மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். சில இணைப்புகளில் டவுன்லோடுக்கு ஒரு வேகம், அப்லோடுக்கு அதைவிடக் குறைவு, உங்களுடையதைச் சோதித்துப் பாருங்கள். முகூர்த்த மாதத்தில் அடுத்தடுத்து ஆர்டர் வந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். உங்கள் வேலைக்குத் தேர்ந்தெடுத்த படங்களும் ஆல்பம் ஃபைல்களும்தானே? அவை சில ஜி.பி.தான், தாராளமாக ஏற்றுங்கள்.

முழு ராவும் ஏற்றுபவர்களுக்கு இரண்டு டிஸ்க் மாற்றி மாற்றிப் போவது எளிது. புதியது அக்கா வீட்டுக்குப் போகும், பழையது திரும்பி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் நம் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரரிடம் கொடுப்பது வெளியே வைத்த கணக்கில் வராது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்தோம், ஆற்றங்கரையோரத் தரைத்தளமும் வேண்டாம். கொண்டுபோகும் வழியில் சாப்பிட இறங்கி டிஸ்க்கைக் காரிலேயே விடாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் மூடிய காருக்குள் இருக்கிற சூடு டிஸ்க்குக்கு ஆகாது.

திருவண்ணாமலை: இவ்வளவு எதுக்குங்க? பெண் வீட்டுக்குப் பென்டிரைவ் கொடுத்துடறோமே, அதுவே வெளியூர் காப்பிதானே!

கேட்டு வாங்கப் போனால் அது எந்தப் பீரோவில் என்று அவர்களுக்கே தெரியாது. அதோடு, கொடுப்பது எடிட் செய்த ஜேபெக், அதுவும் சில வாரம் கழித்து. கல்யாணத்துக்கும் அதற்கும் நடுவில் உள்ள வாரங்களில்தான் பயமே.

குடியாத்தம்: இன்னொண்ணு அண்ணே, இதையெல்லாம் எத்தனை வருஷம் வச்சிருக்கணும்?

ஆல்பம் கைக்குப் போகும்வரை மூன்றையும் வைக்கிறேன். பிறகு ராவில் தேர்ந்தெடுக்காததைக் கழித்துவிட்டு இரண்டு. அதற்குமேல் எவ்வளவு காலம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. ஆம்பூர்க்காரர் எதையும் அழிப்பதில்லை.

ஆம்பூர்: அழிச்ச மறுநாள்தான் கேப்பாங்க!

கேட்பார்கள்தான். ஆனால் அலமாரி நிறைய டிஸ்க் வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் மாட்டி, சில ஃபைல்களைத் திறந்து பார்க்கிறாரா என்பதுதான் என் சந்தேகம். எஸ்எஸ்டி என்றால் கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் போட்டு வைக்கவே கூடாது. உங்களுக்கு என் யோசனை, எத்தனை மாதம் வைப்பீர்கள் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.