திருவிழா மேடை நன்றியுரை: 62 பெயர்களை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள் இரவு கலை நிகழ்ச்சியில் நன்றியுரை சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். விழாக் குழு தந்த பட்டியலில் 62 பெயர்கள் இருக்கின்றன. 34 பேர் நன்கொடையாளர்கள், 11 பேர் விழாக் குழுவினர், மீதிப் பேர் விருந்தினர்கள், அதிகாரிகள், கலைஞர்கள். போன ஆண்டு ஒரு பெயர் விடுபட்டு மேடை அருகிலேயே வாக்குவாதம் ஆகிவிட்டது. எல்லாரையும் சொல்ல வேண்டும், கூட்டமும் எழுந்து போகக் கூடாது. எப்படித் தயாரிப்பது?

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தலைப்பெழுத்து, பெயர், தொழில் அல்லது தெரு, அதற்கு முன் ஒரு 'திரு' அல்லது 'திருமதி' என்று சேர்த்து நிதானமாக வாசித்தால் ஒரு பெயருக்கு ஏறத்தாழ ஐந்து நொடி ஆகும். 62 பெயர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல். இடையிடையே நன்றிச் சொற்களைச் சேர்த்தால் எட்டு நிமிடத்தைத் தொட்டுவிடும். இரவு நிகழ்ச்சியின் முடிவில், 'இறுதியாக நன்றியுரை' என்ற அறிவிப்பு வந்ததும் பாயைச் சுருட்டத் தொடங்கும் கூட்டத்தின் முன் மூன்று நிமிடமே உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே 62 பெயர்களையும் அந்த மூன்று நிமிடத்துக்குள் திணிக்க முயல வேண்டாம். எந்தப் பெயரை எந்த இடத்தில் சொல்வது என்று பிரித்துக்கொண்டால் போதும்.

நேரத்தில் சட்டமும் குறுக்கிடுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிக அளவாக 15 நாட்கள் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. உங்கள் விழா அந்தத் தளர்வுக்குள் வருகிறதா என்பதைக் காவல் நிலையம் தந்த அனுமதிக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 10 மணி என்று இருந்தால் நன்றியுரை 9.50-க்குத் தொடங்கியாக வேண்டும். அப்படித் திட்டமிடாத மேடைகளில், கடைசி ஆட்டம் நீண்டுபோய், ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் நேரத்தில்தான் நன்றியுரையாளர் காகிதத்தைப் பிரிப்பார்.

இனி பெயர்கள். போன ஆண்டு வாக்குவாதம் வந்ததற்கு ஒருவரது பெயர் சொல்லப்படவில்லை என்பது மட்டும் காரணமாக இருந்திராது. அவரோடு சமமாகக் கொடுத்தவர், சமமாக உழைத்தவர் பெயர் சொல்லப்பட்டு அவர் பெயர் மட்டும் விடுபட்டிருக்கும். யாருடைய பெயரையும் சொல்லாமல் 'தலைக்கட்டு வரி செலுத்திய அத்தனை குடும்பங்களுக்கும்' என்று சொன்னால் ஊரில் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. எனவே ஒரு விதியை விழாக் குழுவோடு முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்: ஒரு வகையில் ஒருவர் பெயரைச் சொன்னால் அந்த வகையில் அனைவர் பெயரையும் சொல்ல வேண்டும், அது முடியாதென்றால் அந்த வகையில் ஒரு பெயரும் வேண்டாம். 'முக்கியமான நாலு பேரை மட்டும் சொல்லிவிடுங்கள்' என்று யாராவது காதில் சொல்வார்கள். எந்த நாலு பேர் என்பதில்தான் சண்டை தொடங்கும்.

இந்த விதியை உங்கள் பட்டியலுக்குப் பொருத்திப் பார்ப்போம். விழாக் குழுவின் 11 பெயர்களை முழுமையாக எடுத்துவிடுங்கள். மேடையில் நீங்கள் நிற்பதே அவர்கள் சார்பாகத்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தியில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. அவர்களுடைய பெயர்கள் அழைப்பிதழில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். இதைக் குழுவிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தலைவரும் செயலாளரும் தங்கள் பெயரை எதிர்பார்த்திருக்கக் கூடும்.

அதிகாரிகளைத் துறையாகவே சொல்லலாம். பாதுகாப்புக்கு வந்த காவலர்கள் முறை மாறிக்கொண்டே இருப்பார்கள். மாலையில் நின்றவர் இரவில் இருக்கமாட்டார். மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொண்ட மின்வாரியப் பணியாளர்கள், ஊராட்சித் தூய்மைப் பணியாளர்கள், கோயில் அறநிலையத் துறையைச் சேர்ந்ததானால் செயல் அலுவலரும் அலுவலகத்தாரும் என்று பணியின் பெயரால் சொன்னால் எவரும் விடுபடமாட்டார்கள். தூய்மைப் பணியாளர்களைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் செய்யப்போகும் வேலையையும் குறிப்பிடுங்கள். நீங்கள் பேசி முடித்த பிறகுதான் அவர்களுக்கு வேலை தொடங்குகிறது.

கலைஞர்களின் பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். இது என் கருத்து; பல ஊர்களில் நன்கொடையாளரே முதலில் வருகிறார். ஆனால் கரகாட்டம் ஆடியவரும் தவில் வாசித்தவரும் அன்று இரவே வேனில் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்த ஒரு இரவில்தான் நன்றி சொல்ல முடியும். குழு பெரிதாக இருந்தால் குழுவின் பெயரையும் அதன் ஆசிரியரின் பெயரையும் சொல்லலாம், எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில். உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடியிருந்தால் பயிற்சி கொடுத்தவரைக் குறிப்பிட்டு, பிள்ளைகளைப் பள்ளியின் பெயராலோ தெருவின் பெயராலோ சொன்னால் போதும்.

கடினமானது 34 நன்கொடையாளர்கள்தான். இவர்களை நன்றியுரைக்குள் கொண்டுவராதீர்கள். கலை நிகழ்ச்சியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே உடை மாற்ற இரண்டு மூன்று நிமிடம் மேடை வெறுமையாக இருக்கும். தொகுப்பாளர் அந்த நேரத்தை எப்படி நிரப்புவது என்று தவித்துக்கொண்டிருப்பார். மூன்று இடைவேளைகளில் 12, 11, 11 என்று பிரித்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்தான் ஆகும். அப்போது கூட்டம் முழுமையாக இருக்கும், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்தும் இருக்கும்; தன் பெயரைக் கேட்க விரும்புபவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நன்றியுரையில் 'சற்று முன் இந்த மேடையில் பெயர் வாசிக்கப்பட்ட நன்கொடையாளர்கள் முப்பத்து நால்வருக்கும்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். எண்ணிக்கையைச் சொல்வது முக்கியம். எவரும் விடுபடவில்லை என்பதை அது காட்டும்.

அந்த 34 பேரின் வரிசை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்து வரும். தொகையின்படி வாசித்தால், ஆயிரம் ரூபாய் கொடுத்த கூலித் தொழிலாளி கடைசியில் வருவார். அவருக்கு அந்த ஆயிரம் சிறிய தொகையாக இருந்திருக்காது. தொகையை மேடையில் சொல்லவே வேண்டாம், அது வரவு செலவுக் கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்கு உரியது. சில ஊர்களில் சப்பரம் வீதியுலா வரும் வழியின்படி தெரு தெருவாக வாசிக்கிறார்கள். ஊரே ஏற்ற வரிசை என்பதால் கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் ஊரில் சப்பரம் போகாத தெரு ஒன்று இருக்கிறது என்றால், அங்கிருந்தும் நன்கொடை வந்திருக்கிறது என்றால், அந்த வரிசை ஒரு பழைய காயத்தை மைக்கில் அறிவிப்பதாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் அகர வரிசைதான் சரி. வாசிக்கும் முன் 'அகர வரிசைப்படி' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் யாரும் முன் பின் பேசமாட்டார்கள். பெயருக்குப் பின் சாதிப் பட்டமோ கட்சிப் பதவியோ சேர்க்க வேண்டாம். கலை நிகழ்ச்சிகளுக்குத் தரப்படும் காவல் துறை அனுமதியில் சாதி, கட்சி சார்பான எதுவும் மேடையில் இடம்பெறக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்.

பட்டியலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. போன ஆண்டுக் காகிதத்தைப் பார்த்து எழுதினால், இடையில் காலமானவரின் பெயரைத் 'திரு' என்று வாசித்துவிட நேரும்; முன்வரிசையில் அவர் மனைவி அமர்ந்திருப்பார். ஆகவே பெயர்களை இந்த ஆண்டின் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையிலிருந்து மட்டுமே எடுங்கள். ஒருவர் தம் தந்தையின் நினைவாகக் கொடுத்திருந்தால் ரசீதில் உள்ளபடியே 'நினைவாக' என்று வாசியுங்கள். அன்று மாலை ஐந்து மணியோடு பட்டியலை மூடிவிட்டு, பொருளாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வரும் நன்கொடைக்கு மறுநாள் கோயில் அறிவிப்புப் பலகையில் இடம் உண்டு.

இவ்வளவையும் பிரித்த பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு பக்கம்தான். அது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்; விருந்தினர், குழு, ஆசிரியர் என்று வரும் இடங்களில் அவரவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

'அம்மனை வணங்கி விடைபெறும் நேரம் இது. நம் அழைப்பை ஏற்றுத் தொலைவிலிருந்து வந்து, நம் பிள்ளைகளின் ஆட்டத்தை முடியும் வரை இருந்து பார்த்த சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு நன்றி. இரண்டு மணி நேரம் இந்த மேடையை அதிர வைத்த கரகாட்டக் குழுவுக்கும் அதன் ஆசிரியர் அவர்களுக்கும், நையாண்டி மேளக் குழுவுக்கும் அதன் ஆசிரியர் அவர்களுக்கும் நம் கைதட்டலே நன்றி. சற்று முன் பெயர் வாசிக்கப்பட்ட நன்கொடையாளர்கள் முப்பத்து நால்வரும், தலைக்கட்டு வரி செலுத்திய அத்தனை குடும்பங்களும், முளைப்பாரி வளர்த்து எடுத்து வந்த தாய்மார்களும் சேர்ந்துதான் இந்த விழாவை நடத்தினார்கள். காவல் துறையினருக்கும், மின்வாரியப் பணியாளர்களுக்கும், நாளை விடியுமுன் இந்தத் திடலைச் சுத்தம் செய்யப்போகும் தூய்மைப் பணியாளர்களுக்கும், பந்தல், ஒலி ஒளி அமைத்தவர்களுக்கும், அன்னதானம் சமைத்தவர்களுக்கும் விழாக் குழுவின் நன்றி. நாளை காலை ஏழு மணிக்கு மஞ்சள் நீராட்டு தொடங்கும்.'

மேடைகளில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் கேட்கும் 'நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்' இதில் இல்லை. அதை இருபது முறை சொன்னால் அதற்கே ஒரு நிமிடம் போய்விடும். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்ற வினையைச் சொன்னால் நன்றி தானாகவே வந்துவிடும். அவையோரை ஒவ்வொருவராக விளித்து வணங்குவதும் தேவையில்லை, வரவேற்புரையாளர் அதைச் செய்து முடித்திருப்பார். கடைசி வாக்கியத்தில் மறுநாள் நிகழ்ச்சியின் நேரத்தை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தொகுப்பாளர் உங்களை அழைக்கும்போதே 'நாளைய நேரத்தையும் இவர் அறிவிப்பார்' என்று சொல்லச் செய்யுங்கள். எழுந்தவர்களில் பாதிப் பேராவது நின்று கேட்பார்கள்.

வாசிக்கும் முறையில் இரண்டு செய்திகள். குழாய் ஒலிபெருக்கிகள் தெருமுனை வரை கட்டப்பட்டிருந்தால், 100 மீட்டர் தள்ளி இருப்பதன் ஒலி மேடைக்கு வந்து சேரக் கால் நொடிக்கு மேல் ஆகும். அதனால் பெயர்களை அடுக்கிச் சொன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவும் விளங்காது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மூச்சு விடுங்கள். கைபேசியைப் பார்த்து வாசிக்காமல் கனத்த தாளில் கறுப்பு மையால் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் சிவப்பு விளக்கு எரியும்போது சிவப்பு மையில் அடிக்கோடிட்ட எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெயர் விடுபட்டதாக யாராவது மேடைக்கு வந்தால், 'யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்' என்று பொதுவாகச் சொல்லி நகராதீர்கள். ஒலிபெருக்கியை அணைப்பதற்கு முன், அவர் பெயரையும் அவர் செய்ததையும் ஒரே வாக்கியத்தில் தனியாக அறிவியுங்கள். அனுமதி நேரம் முடிந்து ஒலிபெருக்கியை அணைத்திருந்தால், மஞ்சள் நீராட்டு தொடங்கும் முன் அதே மைக்கில் முதல் அறிவிப்பாக அவர் பெயர் வரட்டும். அதை எந்த நேரத்தில் சொல்லப்போகிறீர்கள் என்று அன்று இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.