வேலை போனால் இபிஎஃப் பணம் கைக்கு வருமா?

பாயான் லெப்பாஸ், வயது 48: அக்கா, எங்கள் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. ஒரே இடத்தில் 22 வருஷம் சர்வீஸ். இபிஎஃப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியுமா?

முடியாது தம்பி. வேலை போனது என்பதற்காக இபிஎஃப் திறக்காது, எத்தனை வருஷம் உழைத்தீர்கள் என்றும் கேட்காது. நீங்கள் அனுப்பிய அறிக்கைப்படி, அக்காவுன் ஃப்லெக்சிபலில் இருக்கும் 3,200 வெள்ளியை இன்றே எடுக்கலாம். அக்காவுன் செஜாத்ராவில் உள்ள 46,000 வெள்ளியை 50 வயதில் எடுக்கலாம். அக்காவுன் பெர்சாராஆன் 55 வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் 22 வருஷத்துக்கு மதிப்பு இருப்பது வேறு இடத்தில். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு தர வேண்டும். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். உங்களுக்கு 440 நாள் வருகிறது. மாதம் 3,000 வெள்ளி என்றால் ஆண்டுச் சம்பளத்தை 365ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு 98.63 வெள்ளி. மொத்தம் ஏறக்குறைய 43,400. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் இது கைக்கு வர வேண்டும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை, அவர்கள் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டர்வொர்த்: பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் எடுக்கலாமே? என் மச்சான் 45 வயதில் எடுத்தாரே.

அவர் அரசு ஊழியராக இருப்பார். பென்ஷன் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர் இபிஎஃப்பில் தன் பங்கை எடுத்துக்கொள்ளலாம், அரசாங்கம் போட்ட பங்கு அரசுக்கே திரும்பும். அங்கே கணக்காவது பென்ஷன் தகுதி. தனியார் தொழிற்சாலைக்காரருக்கு அது பொருந்தாது.

செந்தூல், வயது 56: எனக்கு 55 தாண்டிவிட்டது, இன்னும் வேலை செய்கிறேன். போன மாதம் பிடித்த பணத்தை எடுக்கலாம்தானே?

55க்குள் சேர்ந்ததை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள். அதற்குப் பிறகு பிடிக்கப்படுவது அக்காவுன் எமாஸுக்குப் போகும், 60 வயதில்தான் எடுக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ்: நான் சென்னையிலிருந்து வந்தவன். அங்கே முதல் கம்பெனியில் 4 வருஷம், அடுத்ததில் 3 வருஷம். இந்திய பிஎஃப்புக்கும் வயதுதான் கணக்கா?

இல்லை, அங்கே சர்வீஸ் பெரிய விஷயம். ஐந்து ஆண்டு சர்வீஸ் நிறையாமல் எடுத்தால் வரி உண்டு. பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றியிருந்தால் 4ம் 3ம் சேர்ந்து ஏழாகும். மாற்றாமல் எடுத்துவிடாதீர்கள். பென்ஷன் பகுதிக்குப் பத்து ஆண்டு வேண்டும், உங்களுக்கு அது இல்லை.

பாயான் லெப்பாஸ்: அக்கா, கடிதத்தில் "சுயவிருப்ப விலகல்" என்று போட்டிருக்கிறார்கள். அந்த 43,400 வருமா?

அதுதான் சிக்கல். தானாக விலகியவருக்கு அந்த விதிமுறை இழப்பீடு தராது. கம்பெனி தர ஒப்புக்கொண்ட தொகைதான் கிடைக்கும். எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்? அதைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடாமல் கடிதத்தோடு முதலில் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.