மணிச்சத்து அதிகம் என்று அட்டை சொன்னால் டிஏபி எதற்கு? மண் வள அட்டை கேள்வி பதில்

மன்னார்குடி விவசாயி: 3 மா நிலம், களிமண், சிஆர் 1009 நெல் நடப்போகிறேன். அட்டையில் பிஹெச் 8.2, தழைச்சத்து 196, மணிச்சத்து 34, சாம்பல்சத்து 310. எப்போதும் ரெண்டு மூட்டை டிஏபி அடியுரமாகப் போடுவேன். இந்தத் தடவையும் அப்படியே போடலாமா?

வேண்டாம். அட்டையில் இருக்கும் எண்கள் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. தழைச்சத்து 280க்குக் கீழே இருந்தால் குறைவு. மணிச்சத்து 22ஐத் தாண்டினால் அதிகம், சாம்பல்சத்து 280ஐத் தாண்டினால் அதிகம். ஆக, உங்கள் வயலில் குறைவது தழைச்சத்து மட்டும்தான்.

சம்பாவுக்குப் பொதுவான அளவு தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20 என்று வரும். குறைவான சத்தைக் கால் பங்கு கூட்டி, அதிகமானதைக் கால் பங்கு குறைப்பது வழக்கம். உங்கள் 3 மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்தான், அதனால் 75:15:15.

இப்போது உரமாக மாற்றுவோம். சூப்பர் பாஸ்பேட்டில் 100 கிலோவுக்கு 16 கிலோ மணிச்சத்து, அதனால் 50 கிலோ மூட்டையில் ரெண்டு போதும். பொட்டாஷில் 60 கிலோ, ஆகவே அரை மூட்டை. யூரியாவில் 46 கிலோ. 75 கிலோ தழைச்சத்துக்கு 163 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அதை ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் சமயம் என்று நாலாகப் பிரியுங்கள். ரெண்டு மூட்டை டிஏபியில் 46 கிலோ மணிச்சத்து போகிறது. தேவையைப் போல மூன்று மடங்கு!

திருத்துறைப்பூண்டியிலிருந்து: மண்ணிலேயே 196 கிலோ தழைச்சத்து இருக்கே, பயிருக்கு 75 தானே வேணும்? யூரியாவே வேண்டாமே?

நியாயமாகத் தோன்றும், ஆனால் அந்த 196 கிலோவும் பயிருக்குக் கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் ஒரு ரசாயனக் கரைசல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த அளவு அது. இது குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று தரம் பார்ப்பதற்குத்தான் அந்த எண். இருப்பு என்று எடுத்துக்கொண்டு கழித்துப் பார்க்கக் கூடாது.

நாகப்பட்டினம் பக்கம்: பிஹெச் 8.2 என்றால் களர், ஜிப்சம் போட வேண்டியதுதானே?

பாதி சரி. களர் என்பது சோடியம் மிகுந்த மண், ஜிப்சம் அந்தச் சோடியத்தை விரட்டத்தான். சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் 8.2 சாதாரணமாக வரும், அங்கே ஜிப்சத்தால் பிஹெச் இறங்காது. 8.5ஐத் தாண்டி, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி, காய்ந்ததும் மண் இறுகினால் களரோ என்று சந்தேகப்படலாம். அப்போதும் எவ்வளவு ஜிப்சம் என்பதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

இந்த 8.2இல் நான் கவலைப்படுவது துத்தநாகத்தைப் பற்றி. காரத்தன்மையும் கூடுதல் மணிச்சத்தும் சேர்ந்தால் பயிருக்குத் துத்தநாகம் கிடைக்காமல் போகும். நட்ட ரெண்டு, மூன்று வாரத்தில் இலையில் துரு மாதிரிப் புள்ளி வந்து, பயிர் அங்கங்கே குட்டையாக நின்றால் அதுதான். அட்டையில் துத்தநாகம் குறைவு என்று இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: எங்க அட்டையும் பக்கத்து வயல்காரர் அட்டையும் எண் மாறாம ஒண்ணா இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2015இல் திட்டம் வந்தபோது இறவைப் பகுதியில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் கட்டி எடுத்தார்கள். அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே எண்தான். உங்கள் வயலுக்கென்று வேண்டுமானால் நீங்களே மண் எடுத்துக் கொடுங்கள். வரப்பு, எருக்குவியல், மர நிழல் பக்கம் போகாமல் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை சீராகச் சீவி எடுக்க வேண்டும். கலந்து, கால் பங்காகப் பிரித்துப் பிரித்து அரை கிலோவாக்குங்கள். உரம் போட்ட உடனே எடுத்தால் முடிவு ஏறி நிற்கும்.

பட்டுக்கோட்டை, தென்னை விவசாயி: என் தோப்புக்கும் இதே கணக்கா?

இல்லை, இது நெல்லுக்கு. தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, மண்ணும் இன்னும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்.

திருவாரூர் விவசாயி: டிஏபி போடலேன்னா பயிர் தூர் கட்டாது சார். போட்டதும் பச்சை பிடிக்கறத கண்ணால பாக்கறேன்.

நீங்கள் பார்ப்பது உண்மைதான். ஆனால் டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, அந்தப் பச்சை அதனால் வருவது. ஒரு மூலையில் டிஏபிக்குப் பதிலாக, அதே தழைச்சத்து வரும் அளவு யூரியாவை மட்டும் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மூட்டை டிஏபிக்கு 20 கிலோ யூரியா சமம்.

அதே விவசாயி: அப்போ மணிச்சத்தே ஒரு போகம் விட்டுடலாமா? எங்க மாமா விட்டார், விளைச்சல் குறையல.

நெல் வயலில் தண்ணீர் கட்டி நின்றால் மண்ணில் பிணைந்த மணிச்சத்து ஓரளவு விடுபடும், மாமாவுக்குக் குறையாததற்கு அது காரணமாக இருக்கலாம். நான் கால் பங்கு குறைப்பதோடு நிற்பேன். துணிந்து விடுகிறவர்கள் ஒரு போகத்தோடு நிறுத்தி, மறுபடி மண் கொடுத்துப் பார்க்கட்டும். பின்னால் தெளிக்கும் உளுந்து ஈரம் மட்டும் இருக்கும் வயலில் வளர்கிறது, அதற்கு இந்த வசதி கிடையாது.