புள்ளி புள்ளியாக வரும் வகைப்பாடும் அதற்கு முன் செய்யும் துண்டாக்கமும்

கேள்வி: செயற்கைக்கோள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வகைப்படுத்தினால் உப்பும் மிளகும் தூவியதுபோல் வருகிறது. முதலில் துண்டுகளாகப் பிரித்துவிட்டு வகைப்படுத்தினால் அது குறைவது ஏன்?

அரை மீட்டர் பிக்சல் கொண்ட படத்தில் ஒரு பழத்தோட்டத்தைப் பாருங்கள். 6 மீட்டர் அகலமுள்ள மரம் குறுக்கே 12 பிக்சல்களாக விழும். அவற்றில் வெயில் படும் பக்கம் புல்வெளியைப்போல் ஒளிர்கிறது. நிழல் விழும் பக்கம் நீர்நிலையைப்போல் இருண்டு கிடக்கிறது. மரங்களின் இடைவெளியில் மண் தெரிகிறது. பக்கத்துப் பிக்சலில் என்ன இருக்கிறது என்று அறியாமல் ஒவ்வொரு பிக்சலையும் தனியாக மதிப்பிடும் முறை, ஒரே தோட்டத்துக்குள் புல், நீர், மண் ஆகிய மூன்றையும் தூவிவிடுகிறது. இது உணரியின் இரைச்சல் மட்டும் அன்று. படம் நுணுக்கமாக ஆக ஆக இந்தக் கோளாறு கூடத்தான் செய்யும்.

ஒரு கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். அண்மை அகச்சிவப்புப் பட்டையில் தோட்டத்தின் சராசரி மதிப்பு 90, புல்வெளியின் சராசரி 110, இரண்டுக்கும் திட்டவிலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். எல்லையை 100இல் வைத்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு பிக்சல் தவறான பக்கம் விழும். இப்போது 100 பிக்சல்கள் கொண்ட ஒரு துண்டின் சராசரியைக் கொண்டு முடிவெடுங்கள். அண்டைப் பிக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அந்த நூறும் நூறு தனிச் சான்றுகள் ஆகிவிடா. அவை 16 தனிச் சான்றுகளுக்குச் சமம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், சராசரியின் திட்டவிலக்கம் 15இலிருந்து 3.75ஆகச் சுருங்குகிறது, தவறு ஆயிரத்துக்கு நான்கு துண்டுகள் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. துண்டு முழுவதற்கும் ஒரே பெயர் என்பதால் அதற்குள் புள்ளி விழவும் இடமில்லை.

வகைப்படுத்திய பிறகு பெரும்பான்மை வடிகட்டி போட்டாலும் இதே பலன் கிடைக்குமே என்று பலர் கேட்பார்கள். கிடைக்காது என்பதே என் கருத்து. வடிகட்டி, முடிவுகள் எடுக்கப்பட்ட பிறகு அவற்றின் வாக்குகளை எண்ணுகிறது. எந்தப் பிக்சல் எல்லையை ஒட்டித் தடுமாறியது, எது உறுதியாக இருந்தது என்பது அதற்குள் தொலைந்துபோயிருக்கும். மேலும் அதன் சதுரச் சாளரம் நிலத்தின் விளிம்புகளை அறியாது, ஆகவே குறுகிய பாதைகளைத் தின்றுவிடும். துண்டாக்கம் விளிம்பை மதித்து, முடிவெடுப்பதற்கு முன்பே சான்றுகளைச் சேர்க்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த பலன் ஒன்று உண்டு: தோட்டத்துத் துண்டுக்குள் வெயிலும் நிழலும் கலந்திருப்பதால் அதன் உள் திட்டவிலக்கம் அதிகமாகவும், புல்வெளியில் குறைவாகவும் இருக்கும். பிக்சல் முறையில் தொல்லை தந்த அதே மாறுபாடு, இங்கே தோட்டத்தை அடையாளம் காட்டும் பண்பாகிவிடுகிறது.

ஆனால் எல்லாம் துண்டுகளின் எல்லை சரியாக அமைவதைப் பொறுத்தது. ஓர்ஃபியோ கருவிப்பெட்டியில் கட்டளை இப்படி இருக்கும்:

```
otbcli_LargeScaleMeanShift -in padam.tif -spatialr 5 -ranger 15 -minsize 50 -mode vector -mode.vector.out thundu.shp
```

இதிலுள்ள மூன்று எண்களும் கருவியின் இயல்பு மதிப்புகள். அவற்றை அப்படியே விட்டுவிடுவதில்தான் பெரும்பாலான தோல்விகள் தொடங்குகின்றன. `ranger` என்பது எவ்வளவு நிற வேறுபாடு வரை பிக்சல்களை ஒன்றாகக் கருதலாம் என்ற அளவு. 0 முதல் 255 வரையுள்ள படத்துக்கு 15 பொருந்தக்கூடும். 0 முதல் 1 வரையுள்ள எதிரொளிப்பு மதிப்புகளுக்கு அதே 15 கொடுத்தால் படம் முழுவதும் ஒரே துண்டாகிவிடும். `minsize` 50 என்பது அரை மீட்டர் படத்தில் 12.5 சதுர மீட்டர்தான். சென்டினல்-2இன் 10 மீட்டர் பட்டைகளில் அது அரை ஹெக்டேர். அதைவிடச் சிறிய வயல்கள் நிறத்தில் நெருங்கிய அண்டைத் துண்டோடு சேர்க்கப்பட்டுவிடும்.

நான் ஒருமுறை அரை மீட்டர் படத்தில் `minsize` மதிப்பை 400ஆக உயர்த்தினேன். வரைபடம் கண்ணுக்கு மிகச் சுத்தமாக இருந்தது. மரங்கள் குறுக்கே மறைத்ததால் துண்டு துண்டாகத் தெரிந்த ஒரு நடைபாதை தோட்டத்தோடு கலந்து மறைந்துபோனதை, துண்டுகளின் கோடுகளை மூலப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தபோதே கண்டேன். இரண்டு வகைகள் ஒரே துண்டில் சிக்கிக்கொண்டால் பின்னர் எந்த வகைப்படுத்தியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. பிழை புள்ளியாக இல்லாமல் பெரிய திட்டாக வருவதால் கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே துண்டுகள் சற்றுச் சிறியவையாக இருப்பதையே நான் விரும்புகிறேன். ஒரே தோட்டம் ஐந்து துண்டாகப் பிரிந்தாலும் ஐந்துக்கும் சரியான பெயர் கிடைக்க வழி உண்டு. துல்லியத்தைச் சோதிக்கும்போதும், பயிற்சிக்கு எடுத்த துண்டிலிருந்தே சோதனைப் பிக்சல்களை எடுக்காமல், பயிற்சியில் சேராத இடங்களில் புள்ளிகளைத் தேர்ந்து மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள்.